கொலுசா, தண்டையா, காப்பா? படத்தைப் பார்த்து நகையை இனம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டி பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து, "இது என்ன நகை?" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. மதுரையில் நகைக்கடைகள் உள்ள தெற்காவணி மூல வீதிக்குக் கொண்டுபோய் மாற்றுவதற்கு முன்னால் பெயராவது தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறவர்கள் உண்டு. பழைய குடும்பப் படத்துக்கு அடியில் குறிப்பு எழுத வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம்.

படத்தைப் பார்த்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்? வேலைப்பாடா, கல்லா?

இரண்டும் இல்லை, பூட்டைப் பாருங்கள். மயிலும் மாங்காயும் யாளி முகமும் கழுத்து நகையிலும் வரும், கால் நகையிலும் வரும். ஆனால் ஒரு நகை எப்படித் திறந்து எப்படி மூடுகிறது என்பது, அது எந்த உறுப்பில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. கையைக் குவித்துக் கட்டை விரலை மடக்கினால் மணிக்கட்டை விடச் சற்றே பெரிய வளையம் ஏறிவிடும். அதனால் வளையலுக்கு வாயே தேவையில்லை, முழு வட்டமாகவே இருக்கலாம். காலைக் குவிக்க முடியாது. குதிகால் வழியாக நுழையும் அளவுக்கு ஒரு முழு வட்டம் செய்தால், அது கணுக்காலில் நிற்காமல் பாதத்தில் விழுந்து கிடக்கும். ஆகவே கெட்டியான கால் நகைக்கு வாய் திறந்திருக்கும், அல்லது ஒரு பக்கம் கீலும் மறு பக்கம் திருகும் இருக்கும்.

பூட்டுக்கு அடுத்தது அளவு. அதற்கும் அடுத்தது தேய்மானம். வேலைப்பாட்டைக் கடைசியாகப் பாருங்கள். அது நகையின் பெயரைச் சொல்லாது, செய்த ஊரையோ காலத்தையோ கொஞ்சம் காட்டலாம்.

கொலுசு, தண்டை, சிலம்பு, சலங்கை எல்லாமே கால்ல போடுறதுதானே? என்ன வித்தியாசம்?

மேசை மேல் வைத்தால் கொலுசு தளர்ந்து படுத்துவிடும். அது சங்கிலி அல்லது சின்னச் சின்னத் துண்டுகள் கோத்த பட்டை. அடியில் மணி தொங்கும், முனையில் கொக்கியோ திருகோ இருக்கும். தண்டையும் சிலம்பும் எப்படி வைத்தாலும் வளைந்த உருவத்திலேயே நிற்கும், அவை கெட்டி வளையங்கள். இவற்றுள் சிலம்பு என்பது உள்ளே கூடாக இருந்து, கூட்டுக்குள் பரல் போட்டு ஒலிக்கச் செய்த வளையம். பெரும்பாலும் தடிப்பாகவும் முட்டை வடிவிலும் இருக்கும். தண்டை அதை விட மெலிது. குழந்தைகளுக்குப் போடுவதும் முருகன் காலில் பார்ப்பதும் இதுதான்.

சலங்கையைக் குழப்பிக்கொள்ளத் தேவையே இல்லை. தோல் பட்டையிலோ துணியிலோ கயிற்றிலோ வரிசை வரிசையாக மணி தைத்தோ கோத்தோ இருக்கும். கரகாட்டத்திலும் சாமியாட்டத்திலும் காலில் கட்டுவது இது.

அழகர்மலையில் நூபுர கங்கைக்குப் போகிறவர்கள் "நூபுரம் என்றால் வேறு நகையா?" என்று கேட்பதுண்டு. நூபுரம் என்றாலும் சிலம்பு என்றாலும் ஒன்றுதான். அதனால்தான் அந்த நீருக்குச் சிலம்பாறு என்ற பெயரும் இருக்கிறது.

சங்கிலி மாதிரி வெள்ளியில ஒண்ணு இருக்கு. குழந்தைக் கொலுசா, கைச் சங்கிலியான்னு தெரியலை.

நீளம் இங்கே உதவாது. பெரியவர்கள் கைச் சங்கிலி 7 அங்குலம் சுமார். சிறு பிள்ளைக் கொலுசும் 6, 7 அங்குலம் வரும். மூன்று விஷயத்தைப் பாருங்கள். கொலுசு இணையாக இருக்கும், ஒன்றுதான் கிடைத்ததென்றால் மற்றொன்று தொலைந்திருக்கலாம். பிள்ளை வளர வளரத் தள்ளி மாட்டுவதற்காகக் கொக்கி எதிரில் இரண்டு மூன்று வளையம் கூடுதலாக வைத்திருப்பார்கள். மணிகள் ஒரே ஓரத்தில் மட்டும் தொங்கும். கைச் சங்கிலியில் மணி இருந்தால் அது பெரும்பாலும் பூட்டுக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோதான்.

தேய்மானமும் சொல்லும். கொலுசின் மணிகள் அடிப்பக்கம் நசுங்கியும் கீறியும் இருக்கும், தரையிலும் எதிர்க்காலிலும் இடிபட்டவை அவை.

வெள்ளி வளையம் ஒண்ணு, வாய் திறந்திருக்கு, ரெண்டு முனையிலயும் குமிழ். கைக் காப்பா, கால் தண்டையா? படத்துல அளவு தெரியலையே!

அளவு தெரிய வேண்டுமானால் பக்கத்தில் 10 ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். 1, 2, 5 ரூபாய் வேண்டாம். வெவ்வேறு ஆண்டு வரிசையில் அவற்றின் அளவு மாறியிருக்கிறது, எந்த வரிசை என்று தெரியாமல் கணக்குப் போட்டால் தப்பும்.

இப்படி வந்த ஒரு படத்தின் கணக்கைச் சொல்கிறோம். படத்தைப் பெரிதாக்கி அளந்தபோது நாணயத்தின் குறுக்களவு 216 பிக்சல், வளையத்தின் உள்விட்டம் 480 பிக்சல். 480-ஐ 216-ஆல் வகுத்து 27-ஆல் பெருக்கினால் 60 மில்லிமீட்டர். வளையல் கடையில் 2.6 என்று சொல்லும் அளவு, இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும், அதாவது 60.3 மில்லிமீட்டர். (2.4 என்றால் 57.2, 2.8 என்றால் 63.5. இந்தப் புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டு 2.6 அங்குலம் என்று கணக்குப் போடுகிறவர்கள் 66 மில்லிமீட்டருக்குப் போய்விடுவார்கள்.) பெரியவர்கள் கணுக்காலின் சுற்றளவு 21 முதல் 25 சென்டிமீட்டர். அதற்கு உள்விட்டம் 70 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கைக்குழந்தையின் காலுக்கோ 60 மிகப் பெரிது, கழன்று விழுந்துவிடும். ஆகவே அது பெரியவர் கைக் காப்பு என்பதே முடிவு. உள்விட்டம் 40, 45 என்று வந்திருந்தால் குழந்தையின் கைக் காப்பா கால் காப்பா என்று தயங்க வேண்டியிருக்கும். அங்கே இணையாக இருக்கிறதா, உள்ளே மணி ஒலிக்கிறதா என்று கேட்பதுதான் வழி.

நாணயம் வச்சுத்தான் எடுத்தேன். 2.6-னு வந்துச்சு, நேர்ல பார்த்தா 2.4. எப்படித் தப்பாச்சு?

நாணயம் மேசையோடு ஒட்டிக் கிடக்கிறது. வளையமோ தடிப்பானது, அதன் மேல் விளிம்பு கேமராவுக்கு அருகில் இருக்கிறது. அருகில் இருப்பது படத்தில் பெரிதாகத் தெரியும். கைப்பேசியை 25 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள காப்பை எடுத்தால், நாணயத்தின் மேல்பரப்புக்கும் காப்பின் மேல் விளிம்புக்கும் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். அது மட்டுமே நூற்றுக்கு மூன்று பங்கு ஏற்றிக் காட்டும். 58 இருக்க வேண்டிய இடத்தில் 60 வரும். உங்கள் 2.4 அங்கேதான் 2.6 ஆயிற்று.

மருந்து எளிது. கைப்பேசியை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து, இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கி எடுங்கள். பிழை அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். நாணயத்துக்கு அடியில் ஒரு தீப்பெட்டி மூடியையோ அட்டையையோ வைத்து, காப்பின் உயரத்துக்கு ஏற்றினால் இன்னும் நல்லது. நகையும் நாணயமும் படத்தின் நடுவில் இருக்கட்டும். ஓரத்தில் போனால் இழுபடும். சாய்த்து எடுத்துவிட்டீர்கள் என்றால் வட்டம் முட்டை வடிவாகத் தெரியும். அப்போது இரண்டிலும் நீண்ட குறுக்களவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வளையல், கங்கணம், காப்பு, வங்கி... எல்லாத்தையும் வளையல்னு எழுதினா போதாதா?

போதாது, ஏனென்றால் வங்கி கைக்கே உரியதல்ல, புஜத்துக்கு உரியது. தலைகீழ் V போல நடுவில் கூர்மையாக மடங்கும் அந்த வளைவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தோள் தசை மேல் சறுக்காமல் உட்காருவதற்கான வளைவு அது. பின்பக்கம் திறந்திருக்கும், அல்லது சின்னச் சங்கிலியோ கயிறோ இழுத்துக் கட்ட வைத்திருப்பார்கள். தனியாக மேசையில் கிடக்கும்போது அதைக் கிரீடத் துண்டு என்று எழுதியவர்களும் உண்டு.

மற்ற மூன்றில் வளையல் என்றால் மெலிந்த முழு வட்டம், அடுக்கிப் போடுவது. பல ஆண்டு அடுக்கிப் போட்ட பொன் வளையலின் இரு பக்க விளிம்பும் ஒன்றோடொன்று உரசித் தட்டையாகிப் பளபளக்கும், அதைப் படத்திலேயே பார்க்கலாம். கங்கணம் அகலமானது, தனியாகவே போடுவது, கீலும் திருகும் உள்ளது. காப்பு கெட்டி. வாய் திறந்தும் இருக்கலாம், மூடியும் இருக்கலாம். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இந்தப் பெயர்கள் கொஞ்சம் நகரும். சண்டை போட வேண்டாம், வீட்டில் சொல்கிற பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

படத்தைப் பார்த்து எத்தனை பவுன்னு சொல்ல முடியுமா அண்ணே?

முடியாது. சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். ஏன் என்று அந்த 60 மில்லிமீட்டர் வெள்ளிக் காப்பையே வைத்துப் பார்க்கலாம். கம்பியின் தடிப்பு 8 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கட்டியாக வார்த்திருந்தால் சுமார் 112 கிராம். அரை மில்லிமீட்டர் தகட்டை உருட்டிச் செய்த கூடாக இருந்தால் சுமார் 26 கிராம். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பொன்னில் இதே வித்தியாசம் வந்தால் பவுனுக்கு 8 கிராம் என்று போட்டுப் பாருங்கள், எவ்வளவு பணம் என்று.

ஆனால் கூடா, கட்டியா என்பதை மட்டும் சில சமயம் கண்டுபிடிக்கலாம். கூட்டு நகையில் உள்வட்டத்தில் ஓர் ஊசித் துளை இருக்கும். பற்றவைக்கும்போது உள்ளே சூடாகும் காற்று வெளியேற விட்ட வழி அது. உள்பக்கம் நெடுக ஒரு பற்றுக் கோடு ஓடும். விரல் நுனி பட்ட மாதிரி அங்கங்கே பள்ளம் விழுந்திருக்கும். கட்டி நகையில் பள்ளம் விழாது, கீறல்தான் விழும். துளையில் கருப்பாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்தால் உள்ளே அரக்கு அடைத்திருக்கிறார்கள். அப்போது எடை போட்டாலும் உலோகத்தின் எடை தெரியாது.

பாட்டியோடது ஏழு கல் வச்ச நகை. அம்மா பேசரிங்கிறாங்க, அத்தை தோடுங்கிறாங்க. யார் சொல்றது சரி?

முன்பக்கப் படத்தை வைத்து யாரும் ஜெயிக்க முடியாது. நடுவில் ஒன்று சுற்றி ஆறு என்று கல் பதிப்பது இரண்டுக்கும் பொது. பின்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். காது மடலுக்குப் போகும் தண்டு தடிப்பாக இருக்கும். மூக்கின் துளை சிறியது, தண்டும் மெலிது. மூக்கினுள் உறுத்தாதபடி திருகாணியின் தலையும் சின்னதாக, வழவழப்பாக இருக்கும். தோட்டின் திருகாணி விரலால் பிடித்துத் திருகும் அளவுக்குப் பெரிது.

அளவும் கொஞ்சம் உதவும். மூக்கில் உட்காரும் பேசரி பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் தோடு என்ற பக்கம் சாயலாம். ஒற்றையாக இருப்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பாகப் பிரிவினையில் மகளுக்கு ஒன்று மருமகளுக்கு ஒன்று என்று பிரிந்த தோடுகள் இந்தப் பக்கத்துப் பெட்டிகளில் நிறைய உண்டு. தோட்டை உருக்காமல், தண்டை மட்டும் மாற்றி மூக்குத்தியாக்கியதும் நடக்கும். அந்த இடத்தில் தண்டின் அடியில் புதுப் பற்று வேறு நிறமாகத் தெரியும். அப்படிப் பார்த்தால் அம்மாவும் அத்தையும் இரண்டு பேரும் சரி.

முகத்துல போட்டிருக்கிற படம்தான் இருக்கு. நகை இப்ப இல்லை. மூக்குத்தி எவ்வளவு பெரிசுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நாணயம் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. கண்ணின் கரிய வட்டம் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், குறுக்கே 12 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. முகம் நேராக இருக்கும் படத்தில் அந்த வட்டத்தையும் மூக்குத்தியையும் அளந்து ஒப்பிடுங்கள். மூக்குத்தி அதில் பாதிக்குக் குறைவென்றால் 5 மில்லிமீட்டர் சுமார், ஒற்றைக்கல்லாக இருக்கலாம். முக்கால் பங்கு வந்தால் 9 மில்லிமீட்டர், பேசரிதான்.

இமை மேலே கொஞ்சம் மறைக்கும் என்பதால் கண்ணை மேலிருந்து கீழாக அளக்காதீர்கள், குறுக்கே அளங்கள். மூக்கு கண்ணை விடக் கேமராவுக்கு அருகில் இருப்பதால், மேலே காப்புக்குச் சொன்ன அதே காரணத்தால், கொஞ்சம் கூடவே வரும். தானே கையை நீட்டி எடுத்த படத்தில் இந்தக் கூடுதல் அதிகம், ஸ்டூடியோப் படத்தில் மிகக் குறைவு. வெயிலில் கல் மின்னினால் வெளிச்சம் பரவி மூக்குத்தியே பெரிதாகத் தெரியும், அந்தப் படத்தை அளவுக்கு எடுக்காதீர்கள்.

வலது மூக்குல இருந்தா இது, இடதுல இருந்தா அதுன்னு சொல்றாங்களே, அதை வச்சு சொல்லலாமா?

பக்கத்தை வைத்துப் பெயர் சொல்வதற்கு முன், படத்தில் வலது உண்மையிலேயே வலதுதானா என்று பாருங்கள். கைப்பேசியின் முன்கேமராவில் எடுத்தது கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியிருக்கலாம். பழைய படத்தில் பிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கலாம். சோதிக்க எளிய வழி முந்தானை. இப்போது பொதுவாகக் கட்டும் முறையில் முந்தானை இடது தோளில் விழும். அது வலது தோளில் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் பழைய கட்டுகள் சிலவற்றில் முந்தானை வேறு விதமாகச் சுற்றி வரும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் நாள்காட்டியோ கடைப் பலகையோ இருந்தால் எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் சட்டை போட்ட ஆண் இருந்தால், அவர் சட்டையில் பொத்தான் அவருடைய வலப்புறப் பட்டியில் இருக்க வேண்டும், இடப்புறப் பட்டி மேலே படிந்திருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் பக்கத்தை வைத்து நகையின் பெயரை முடிவு செய்யாதீர்கள். எந்தப் பக்கம் குத்துவது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், இரு பக்கமும் குத்தியவர்களும் நிறைய. நத்தும் புல்லாக்கும் வடிவத்திலேயே தெரிந்துவிடும். நத்து வளையமாக மூக்கு மடலைச் சுற்றி வரும். புல்லாக்கு இரு துளைக்கும் நடுவில் தொங்கி மேலுதட்டைத் தொடும். நடனக்காரர்கள் போடும் புல்லாக்கு பெரும்பாலும் துளையில்லாமல் அழுத்திப் பிடிப்பது. மேலே பிளந்த வாய் இருந்தால் அதுதான்.

அகலமா பட்டை மாதிரி, நடுவுல லட்சுமி. ஒட்டியாணமா, அட்டிகையா?

கழுத்தா இடுப்பா என்பதில் நீளம் தெளிவாகப் பேசும். கழுத்தை ஒட்டிப் போடும் அட்டிகை 12 முதல் 14 அங்குலம். ஒட்டியாணம் 26 அங்குலத்துக்கு மேல். நாணயத்தை வைத்து அளந்துவிடலாம். ஆனால் படம் நடுவில் மட்டும் எடுக்கப்பட்டு, இரு முனையும் வெட்டுப்பட்டிருந்தால்? அப்போது வளைவைப் பாருங்கள். அட்டிகை கழுத்தெலும்பின் மேல் சரிந்து படிய வேண்டும், அதனால் துண்டுகள் மேலே குறுகிக் கீழே அகன்று, தரையில் வைத்தால் விசிறி போல வளையும். ஒட்டியாணம் இடுப்பைச் சுற்றி நேராகப் போவது, நீட்டி வைத்தால் ஏறக்குறைய நேர்கோடு. பின்னால் சங்கிலி வைத்து அளவு கூட்டக் குறைக்க வைத்திருப்பார்கள், அல்லது தகடுகளைக் கீலால் கோத்திருப்பார்கள்.

தாத்தா படத்துல இடுப்புல வெள்ளிச் சங்கிலி தெரியுது. ஆம்பளையும் ஒட்டியாணம் போடுவாங்களா?

அது அரைஞாண் கொடி. ஆண்களும் குழந்தைகளும் போடுவது, துணிக்கு உள்ளே உடம்போடு ஒட்டிக் கிடக்கும். வேட்டி மடிப்புக்கு மேல் சங்கிலியின் ஒரு துண்டு மட்டும் எட்டிப் பார்ப்பதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. ஒட்டியாணம் எப்போதும் துணிக்கு மேலே.

சின்ன அரச இலை மாதிரி வெள்ளியில ஒரு பதக்கம். ஆனா சங்கிலி மாட்ட வளையம் மட்டும் ரொம்பப் பெரிசா இருக்கு.

அது பதக்கம் இல்லை, அரைமூடி. பெண் குழந்தைக்கு அரைஞாணில் கோத்து முன்னால் தொங்கவிடுவது. கயிறோ கொடியோ உள்ளே தாராளமாக ஓட வேண்டும் என்பதால்தான் மேலே உள்ள குழாய் அகலம். உடம்பில் உரசாதபடி இலை சற்றே வெளிப்புறம் குவிந்திருக்கும், ஓரம் மழுங்கலாக மடித்திருக்கும். பதக்கம் தட்டையாக இருக்கும். இதைப் புது வெள்ளிச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்ட படங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த நகை காதுல போடறதா? பெட்டி மாதிரி கனமா இருக்கே.

தண்டட்டி. காது நகைதான். மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கத்துப் பெட்டிகளைத் திறந்தால் இது இல்லாமல் இருக்காது. கட்டம் கட்டமான கூடு, அரக்கு அடைத்தது, கொக்கி போன்ற தடித்த வளைவு. வளர்த்த காதின் நீண்ட துளையில் நுழைவதற்காக அந்த வளைவு அவ்வளவு தடிப்பு. காது இல்லாமல் தனியாகப் பார்த்தால் பதக்கம் என்றும் பூட்டு என்றும் தோன்றும்.

பழைய கருப்பு வெள்ளைப் படத்துல ஒட்டியாணத்துக் கல்லெல்லாம் கருப்பாத் தெரியுது. கருப்புக் கல்லா, கல் விழுந்துடுச்சா?

பெரும்பாலும் சிவப்புக் கல். அந்தக் காலத்துப் பிலிம் வகைகள் பல சிவப்பு வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளாது, கெம்புக் கல் மை போலப் பதிந்துவிடும். நெற்றிக் குங்குமமும் அதே மாதிரி கன்னங்கரேலென்று தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கல் விழுந்த குழியாக இருந்தால் எல்லாக் குழியும் ஒரே மாதிரி கருப்பாக இருக்காது, குழியின் ஓர் ஓரத்தில் வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் பிரதியின் மேல் தூரிகையால் நகை வரைவது வழக்கமாக இருந்தது. புடவை மடிப்பில் உடையாமல் ஒட்டியாணம் நேர்கோடாகப் போனால், அல்லது நகைக்குக் கீழே நிழலே இல்லாவிட்டால், அது வரைந்தது. அதை வைத்து என்ன நகை என்று சொல்வது, ஓவியரின் கையைப் பற்றிச் சொல்வதுதான்.

தங்கமா கவரிங்கான்னு படத்துல தெரியுமா?

நிறத்தை வைத்துத் தெரியாது. ஒரே நகை குழல் விளக்கில் வெளிறியும் மஞ்சள் பல்பில் கொழுந்து பொன்னாகவும் வரும். தேய்ந்த இடத்தைப் பாருங்கள். வளையலின் உள்விளிம்பு, கீல், திருகாணி தலை, கொக்கி வளைவு. முலாம் முதலில் போவது அங்கேதான், செம்பின் சிவப்போ பித்தளை வெளிறலோ எட்டிப் பார்க்கும். பொன் எவ்வளவு தேய்ந்தாலும் அடியிலும் அதே நிறம்தான்.

முத்திரை இருந்தால் அதை அருகில் ஒரு படம் எடுங்கள். இப்போது விற்கும் பொன் நகையில் பி.ஐ.எஸ். முத்திரை, 22K916 போன்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளம் என மூன்று இருக்கும். அந்த ஆறு இலக்கத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் நகையின் வகையும் தரமும் வரும். செயலி வளையல் என்று சொல்லி, உங்கள் கையில் இருப்பது மோதிரம் என்றால், முத்திரை வேறெங்கிருந்தோ வந்தது. 2021 ஜூலைக்கு முன் வாங்கியதில் இந்த ஆறு இலக்கம் இருக்காது, அதனாலேயே அது போலி ஆகிவிடாது.

சரி, எத்தனை படம் எடுத்து அனுப்பணும்?

முன், பின், பக்கவாட்டு, பூட்டு திறந்தபடி ஒன்று, நாணயத்தோடு மேலிருந்து ஒன்று. ஐந்து போதும். ஜன்னல் ஓர நிழலில், பிளாஷ் இல்லாமல், வெள்ளைத் தாளை விடச் சாம்பல் அல்லது பழுப்பு அட்டை மேல் எடுங்கள். வெள்ளைத் தாளில் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு நகையைக் கருக்கிவிடும். புளி போட்டுத் தேய்த்துவிட்டு எடுக்க வேண்டாம். அழுக்கு படிந்த இடம்தான் பற்றுக் கோட்டையும் முத்திரையையும் காட்டுகிறது.

எல்லாம் எடுத்தாச்சு. கூட்டுச் சிலம்புதான்னு உறுதி. உள்ள என்ன பரல்னு படத்துல சொல்லுங்க.

படத்தில் வராது. இந்த மதுரையிலேயே அரசவையில் நடந்ததாகச் சொல்லும் வழக்கு அதுதானே. தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், வெளியே பார்த்தால் வித்தியாசம் இல்லை, உடைத்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் உடைக்க வேண்டாம். ஐந்து விநாடி வீடியோ எடுத்து, கைப்பேசிக்கு ஒரு சாண் தள்ளி மெதுவாக ஆட்டி, ஒலியோடு அனுப்புங்கள். உலோகக் குண்டு கணீரென்று ஒலிக்கும், கல் சலசலக்கும். மங்கலாக ஒரே பக்கம் உருண்டு நின்றுவிட்டால் உள்ளே அரக்கோ அழுக்கோ சேர்ந்திருக்கிறது. அப்போது ஆட்டுவதையும் நிறுத்திவிட்டு, வாய்ப்பக்கத்து ஒட்டு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரல் கொட்டுவது அந்த வழியாகத்தான்.